கொன்றை ஏமாந்ததா, தோழி ஏமாற்றினாளா?

கேள்வி: நானும் என் சிநேகிதியும் இருபது வருஷப் பழக்கம், அடுத்தடுத்த வீடு. போன வாரம் சாயங்காலம் நல்ல மழை. என் மகள் கல்லூரிக்காகக் குறுந்தொகை 66ஆம் பாட்டைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். "தோழி பொய் சொல்றா. கார்காலம் வந்தாச்சு, போனவன் வரல, அத மறைக்கிறா" என்றேன். சிநேகிதி ஒத்துக்கொள்ளவில்லை. "பாட்டுலயே வம்ப மாரின்னு இருக்கே, பொய்னு எங்க இருக்கு? மரந்தான் ஏமாந்துபோச்சு" என்றாள். "மரம் எங்கயாச்சும் ஏமாறுமா?" என்றேன். "சரக்கொன்றை சித்திரையிலயே பூக்குதே, நீ பார்த்ததில்லையா?" என்றாள். அரை மணி நேரம் இதே பேச்சு. கடைசியில், "உனக்கு எல்லாரையும் பொய்யாக்கணும்" என்று எழுந்து போய்விட்டாள். அதிலிருந்து பேச்சு சரியில்லை. அவள் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். ஆவணியில் வருவதாக இருந்தது, இன்னும் வரவில்லை. அந்தக் கவலை வேறு. யார் சொன்னது சரி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பதில்: பாட்டு மொத்தம் ஐந்தே அடி. கண் முன்னால் வைத்துக்கொண்டு பேசுவோம்.

மடவ மன்ற தடவுநிலைக் கொன்றை
கல்பிறங்கு அத்தம் சென்றோர் கூறிய
பருவம் வாரா அளவை நெரிதரக்
கொம்புசேர் கொடிஇணர் ஊழ்த்த
வம்ப மாரியைக் கார்என மதித்தே

பேச்சுத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: இந்தப் பருத்த கொன்றை மரங்களுக்கு நிச்சயமாகப் புத்தி இல்லை. கல் குவிந்து கிடக்கிற காட்டுவழியில் போனவர் சொல்லிவிட்டுப் போன காலம் இன்னும் வரவில்லை. அதற்குள், வம்ப மாரியைக் கார்காலத்து மழை என்று நினைத்து, கிளைகளில் கொடிபோல நீண்ட கொத்துகளை நெருக்கமாகப் பூத்துவிட்டன.

இரண்டு சொற்களை மட்டும் நின்று பார்க்க வேண்டும். ஒன்று 'வம்ப'. இன்றைக்கு வம்பு என்றால் சண்டை, ஊர்ப்பேச்சு. அந்த நினைப்போடு வாசித்து, 'வம்பு செய்கிற மழை' என்று எழுதிய விடைத்தாள்களை நான் நிறையத் திருத்தியிருக்கிறேன். தொல்காப்பிய உரியியல் 'வம்பு நிலையின்மை' என்கிறது. நிலையில்லாத மழை, காலம் தப்பி வந்து போய்விடுகிற மழை என்று பொருள். இன்னொன்று 'மன்ற'. 'மன்றவென் கிளவி தேற்றம் செய்யும்' என்பதும் தொல்காப்பியம்தான். நாம் 'சத்தியமா', 'நிச்சயமா' என்று சேர்த்துச் சொல்வதைப் போல. சந்தேகம் இருக்கிற இடத்தில்தான் ஆள் இப்படி அழுத்திச் சொல்வார் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் சங்கப் பாடல்களில் 'மன்ற' மிகச் சாதாரணமாக வருகிற சொல். அதை மட்டும் பிடித்துக்கொண்டு பொய் என்று தீர்ப்பு எழுத முடியாது.

சரி, இந்த ஐந்து அடிக்குள் தோழி எங்கே இருக்கிறாள்? தேடிப் பாருங்கள், கிடைக்க மாட்டாள். தலைவியும் இல்லை. 'நீ' கிடையாது, 'நான்' கிடையாது. போனவர் ஒருவர் உண்டு, அவரும் 'சென்றோர்' என்ற ஒரு சொல்லில் வந்து போகிறார். மற்றபடி மரம், பூ, மழை. நீங்கள் இருவரும் அரை மணி நேரம் யாரைப் பற்றிச் சண்டை போட்டீர்களோ, அந்தப் பெண் பாட்டில் இல்லை. பாட்டுக்கு அடியில் இருக்கிற துறைக்குறிப்பில் இருக்கிறாள்.

அந்தக் குறிப்பு சொல்வது என்ன? பருவத்தைக் கண்டு கலங்கிப்போன தலைவியிடம், 'இது பருவம் அன்று' என்று தோழி வற்புறுத்தியது என்கிறது. இங்கே வற்புறுத்தல் என்பது இன்றைய 'கட்டாயப்படுத்துதல்' இல்லை. உடைந்துபோகிற மனத்தைத் திடப்படுத்துதல். அதைவிட முக்கியம், 'பருவத்தைக் கண்டு' என்பது. குறிப்பு எழுதியவருக்குச் சந்தேகமே இல்லை. வந்தது பருவம்தான். தோழி அதை இல்லை என்கிறாள்.

ஆக, குறிப்போடு சேர்த்து வாசித்தால் நீங்கள் சொன்னது சரி. ஐந்து அடியை மட்டும் வாசித்தால் உங்கள் சிநேகிதி சொன்னது சரி, ஏனென்றால் பாட்டின் வரிகளில் 'பருவம் வாரா அளவை' என்று பச்சையாக இருக்கிறது. துறைக்குறிப்புகள் பாட்டுப் பாடியவர்கள் எழுதியவை அல்ல, பின்னால் சேர்ந்தவை என்பதுதான் பொதுவான கருத்து. அதனால் குறிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு வாசிக்க அவருக்கு உரிமை உண்டு. நான் அப்படிச் செய்ய மாட்டேன். இந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த யாரோ ஒருவர், நமக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னால், 'இதை இப்படித்தான் கேட்டோம்' என்று எழுதி வைத்திருக்கிறார். அதைத் தள்ளுவதற்கு நல்ல காரணம் வேண்டும்.

குறிப்பை நம்ப எனக்கு இன்னொரு பிடிமானமும் இருக்கிறது. இது ஒற்றைப் பாட்டு இல்லை. இதே பேச்சு நற்றிணை 99இல் இருக்கிறது, இளந்திரையனார் பாடியது. குறுந்தொகைப் பாட்டில் நமக்குக் கேட்பது தோழியின் குரல் மட்டும். பக்கத்து அறையில் ஒருத்தர் போன் பேசுவதைக் கேட்கிற மாதிரி, எதிர்ப்பக்கத்தை நாமே ஊகிக்க வேண்டும். நற்றிணைப் பாட்டில் தலைவி கேட்டது என்ன என்பதும் உள்ளேயே இருக்கிறது. நீரற்று வறண்ட நீண்ட வழி, துணியை விரித்த மாதிரி வெயில் மின்னுகிற கொடிய சுரம், அதைக் கடந்து போனவர் வருவதாக நமக்கு உறுதி சொன்ன பருவம் 'இதுவோ?' என்று அவள் கேட்கிறாள். அந்த ஒரு சொல்லில்தான் பாட்டு நிற்கிறது. அவள் அழவில்லை, குற்றம் சொல்லவில்லை. வாசலில் பெய்வதைக் காட்டி, 'இதுதானே?' என்கிறாள்.

அதற்குத் தோழியின் பதிலைக் கேளுங்கள். மேகத்துக்கு அறிவில்லையாம். மறந்துபோய்க் கடலை முகந்துவிட்டதாம். சூல் நிறைந்து, பொறுக்க முடியாமல் கொட்டிவிட்டதாம். அதைக் கார் என்று மயங்கி, ஆராய்ந்து பார்க்காமல் பிடவமும் கொன்றையும் கோடலும் பூத்துவிட்டனவாம், 'மடவ ஆகலின்', அறிவில்லாதவை ஆகையால். அதே 'மடவ'தான்.

இதோடு குறுந்தொகை 251ஐயும் வைத்துப் பாருங்கள். அங்கே ஏமாந்தவை மயில்கள். மழை பெய்ததும் ஆடிவிட்டன, பிடவமும் பூத்துவிட்டது. 'காரன்று இகுளை', இது கார் இல்லையடி தோழி, உன் கவலை தீரட்டும் என்கிறாள். பிறகு ஒரு காரணம் சொல்கிறாள் பாருங்கள், எனக்கு மிகப் பிடித்த சமாளிப்பு அதுதான். வானம் போன மழையில் மிச்சமான பழைய தண்ணீரைக் கீழே ஊற்றிக்கொண்டிருக்கிறதாம், புதுத் தண்ணீர் பிடித்துக்கொள்ள. குடத்தைக் கழுவிக் கொட்டுகிற மாதிரி.

ஒரு பாட்டில் தப்பு மரத்தின் மேல். இன்னொன்றில் மேகத்துக்கே ஞாபக மறதி. மூன்றாவதில் பழைய தண்ணீர். பூத்தது கொன்றை மட்டும் என்றால் ஒரு மரம் தப்பாகப் பூத்தது என்று விட்டுவிடலாம். பிடவமும் பூத்து, கோடலும் பூத்து, மயிலும் ஆடி, வானமும் இடித்தால், தப்பு யார் கணக்கில்? முதன்முதல் கேட்டவர்களுக்கே இது தெரிந்திருக்கும். தெரிந்துதான் அடுத்த புலவர் என்ன புதுக் காரணம் கண்டுபிடிக்கப்போகிறார் என்று காத்திருப்பார்கள். அந்த ரசனை இல்லாமல் ஒரே பேச்சைப் பலர் பாடியிருக்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். மூன்றும் மூன்று பேர் பாடியவை. மூன்று தோழிகளையும் ஒரே பெண்ணாக்கி, 'பார், ஒவ்வொரு தடவையும் வேற கதை சொல்றா' என்று சிநேகிதியிடம் போய் நிற்காதீர்கள். அப்படிப் பார்த்தால் 66ஆம் பாட்டின் தோழிதான் இருப்பதிலேயே சந்தேகத்தின் பலனைக் கேட்கக் கூடியவள். அவள் ஒரே ஒரு மரவகையைத்தான் சொல்கிறாள்.

இனி அந்தச் சித்திரைக் கொன்றை. உங்கள் சிநேகிதி கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார், தப்பில்லை. சரக்கொன்றை நம்மூரில் கோடையில்தான் இலை உதிர்த்துப் பொன்னாகத் தொங்கும். சித்திரை விஷுவுக்குக் கேரளத்தார் கணி வைக்கிற கொன்றைப்பூ இதுவேதான். சங்கப் பாட்டிலோ கொன்றை கார்காலத்துப் பூ. கார் என்றால் உரையாசிரியர்கள் கணக்கில் ஆவணியும் புரட்டாசியும். ஒரு வருஷம் வகுப்பில் ஒரு மாணவி இதையே கேட்டுவிட்டாள். 'சார், அப்படின்னா கொன்றை எப்பவுமே பருவத்துக்கு முன்னாடிதானே பூக்குது, தோழி சொன்னது நெசம்தானே?' எனக்கு அன்றைக்குப் பதில் வரவில்லை. மணி அடித்துக் காப்பாற்றியது.

பிறகு யோசித்துச் சொன்ன பதில் இது. மழைக்குப் பின்னால் சில கொன்றை மரங்கள் மறுபடியும் கொஞ்சம் பூப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் வாதத்துக்கு அதுகூடத் தேவையில்லை. முல்லைப் பாட்டுகளுக்குள் ஒரு காலண்டர் இருக்கிறது. அதில் கொன்றை பூத்தால் கார் வந்தது என்று அர்த்தம், கார் வந்தால் போனவன் திரும்ப வேண்டும் என்று அர்த்தம். தலைவி அந்தக் காலண்டரைத்தான் பார்க்கிறாள். தோழியும் அதை மறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 'கொன்றை எப்போது வேண்டுமானாலும் பூக்கும்' என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொன்றை பூக்க வேண்டிய காலம் கார்தான் என்று ஒத்துக்கொண்டு, மரம் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டது என்கிறாள். தாவரவியலைக் கொண்டுவந்தால் தோழியின் வாதமே கலைந்துபோகும். ஆகவே இந்த ஒரு விஷயத்தில் உங்கள் சிநேகிதி தான் காப்பாற்ற நினைத்தவளுக்கே கெடுதல் செய்துவிட்டார்.

இதுவரை சொன்னதை வைத்து நீங்கள் ஜெயித்துவிட்டதாக நினைக்கக் கூடாது. 'பொய் சொல்றா' என்பது பாதிதான் சரி. பொய் என்றால் கேட்பவர் நம்ப வேண்டும் என்று சொல்வது. இங்கே தலைவிக்கும் கண் இருக்கிறது. பூவைப் பார்த்துத்தான் கலங்கியிருக்கிறாள். அவளிடம் போய் 'மரத்துக்குப் புத்தியில்லை' என்றால் அவள் நம்புவாள் என்று தோழி எதிர்பார்க்க முடியுமா? முதல் சொல்லே 'மடவ'. பாட்டு திட்டில்தான் ஆரம்பிக்கிறது. யாரைத் திட்டுகிறாள் என்று அடியின் கடைசியில்தான் தெரியும். ஏன் திட்டுகிறாள் என்பது ஐந்தாம் அடிவரை தெரியாது. மழை அங்கேதான் வருகிறது. மழையில் தொடங்கிப் பூவுக்கு வந்தால் தலைவியின் பயம் நேரே நெஞ்சில் இறங்கும். அதனால் தோழி தலைகீழாகச் சொல்கிறாள். முதலில் திட்டு, பிறகு மரம், பிறகு பூ, எல்லாம் ஆன பின் மழை.

இந்தத் திட்டு எதற்கு? சொன்ன காலம் வந்துவிட்டது, சொன்னவர் வரவில்லை. அப்படியானால் யாராவது ஒருவர் பொய்யாகியே தீர வேண்டும். ஒன்று அவர் பொய், இல்லாவிட்டால் காலம் பொய். குறுந்தொகை 21இல், ஓதலாந்தையார் பாட்டில், தலைவியே இந்தக் கணக்கைப் போடுகிறாள். பொன் நகையை இடையிட்டுக் கட்டிய பெண்களின் கூந்தல்போலக் கொன்றை பூத்து நிற்கிறது. காடே 'கார் வந்தாச்சு' என்கிறது. அவள் சொல்கிறாள்:

கானம் கார்எனக் கூறினும்
யானோ தேறேன் அவர்பொய் வழங்கலரே

காடு சொன்னாலும் நான் நம்ப மாட்டேன், அவர் பொய் சொல்கிறவர் இல்லை. காட்டைப் பொய்யாக்கி ஆளைக் காப்பாற்றிவிட்டாள். 66ஆம் பாட்டில் தோழி செய்வதும் இதையேதான். பழியை யார் மேலாவது போட்டாக வேண்டும் என்னும்போது, வலிக்காத ஒன்றின் மேல் போடுகிறாள். தலைவிக்கு அது தெரியும். தெரிந்தும் ஏற்றுக்கொள்வாள், ஏனென்றால் இன்னொரு பதில் அவளால் தாங்க முடியாதது.

உங்கள் சிநேகிதி சொன்ன கடைசி வாக்கியத்தை இப்போது பாருங்கள். பாட்டைப் படித்த மாதிரியே அதையும் படிக்க வேண்டும். 'தோழியப் பொய்யாக்கணும்' என்று அவர் சொல்லவில்லை. 'எல்லாரையும்' என்றார். பாட்டில் தோழியைத் தவிர வேறு யார் இருக்கிறார்? சென்றவர் ஒருவர்தான். தோழி பொய் சொல்கிறாள் என்று நீங்கள் நிறுவ நிறுவ, வருகிறேன் என்று சொன்னவர் வரவில்லை என்பதும் கூடவே நிறுவப்பட்டுக்கொண்டு வந்தது. ஆவணி போன பிறகு, மழை பெய்கிற சாயங்காலத்தில், அவர் முன்னால் உட்கார்ந்து. 'கார்காலம் வந்தாச்சு, போனவன் வரல' என்பது உங்கள் வாயால் வந்த வாக்கியம். சங்கத் தோழி எந்த வாக்கியத்தைச் சொல்லக் கூடாது என்று மரத்தையும் மேகத்தையும் திட்டினாளோ, அதே வாக்கியம். நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. மஸ்கட் விஷயத்தைக் கடைசியில், 'வேறு' என்று தனியாக எழுதியிருக்கிறீர்கள். அது தனி இல்லை என்று நினைக்கிறேன். நான் அவரைப் பார்த்ததில்லை, தப்பாகவும் இருக்கலாம்.

போய்ப் பேசுங்கள். மன்னிப்பு, விளக்கம் எதையும் பெரிதாக ஆரம்பிக்க வேண்டாம். 66ஐ மறுபடி எடுக்கவும் வேண்டாம், எடுத்தால் உங்களுக்கு நற்றிணை ஞாபகம் வரும், வாய் சும்மா இருக்காது. 21ஐக் கொண்டு போங்கள். அதை அவரை வாசிக்கச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். மஸ்கட் பேச்சு அவராக எடுத்தால் கேளுங்கள். எப்போது வருகிறார் என்று நீங்களாகக் கேட்காதீர்கள். நற்றிணைத் தலைவியின் 'இதுவோ?' என்ற கேள்வி அவருடையது.

உங்கள் மகளுக்கு ஒரு வார்த்தை. தேர்வில் இந்தப் பாட்டு வந்தால் முதலில் திணை முல்லை, கூற்று தோழியுடையது என்று எழுதட்டும். அடுத்து 'வம்ப மாரி'க்கு ஒரு வரியில் பொருள். 'தடவுநிலை'யில் தடவு என்றால் பெருமை, பருத்தது. தடவிக்கொடுப்பது இல்லை. அதையும் நான் விடைத்தாளில் பார்த்தாயிற்று.